நண்பன் தனக்கு விறைப்பு வருவதில்லை என்று சொல்லும்போது எப்படிக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருங்கிய நண்பன் நேற்று போனில், “ஒன்றரை வருடமாக எனக்கு விறைப்பு சரியாக வருவதில்லை” என்றான். எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. “சரி, அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

இன்றே அவனைக் கூப்பிடுங்கள். நேற்றிரவு முழுக்க அவன் உங்கள் மௌனத்துக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்திருப்பான். நல்ல அர்த்தம் எதுவும் அவனுக்குத் தோன்றியிருக்காது. நீண்ட விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. “நேற்று நீ சொன்னதும் எனக்கு உடனே பேச வரவில்லை. என்னிடம் சொன்னது நல்லது. முழுதாகக் கேட்க வேண்டும், எப்போது வரட்டும்?” என்றால் போதும்.

நேரில் பேசுவது நல்லது. ஆனால் எதிரெதிரே நாற்காலி போட்டு, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். பல ஆண்களுக்கு இந்தப் பேச்சு நடந்துகொண்டே பேசும்போதோ, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோதான் வருகிறது. பார்வை சாலையில் இருந்தால் சொல்லக் கூச்சம் குறைகிறது. மது அருந்தும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போதையில் சொன்னதை மறுநாள் காலையில் பலர் சொல்லவே இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் கிண்டலாகப் பேசியே பழகியவர்கள். திடீரென்று முகத்தை இறுக்கிக்கொண்டால் அவனுக்கு இன்னும் சங்கடமாகாதா? ஒரு சின்னக் கிண்டல் அவனை இலகுவாக்கும் என்று நினைக்கிறேன்.

வேலை போனது, கடன் வாங்கியது, தலைமுடி கொட்டியது ஆகியவற்றுக்கெல்லாம் அது பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது. உங்கள் நண்பன் சிறுவயதிலிருந்து இந்த விஷயத்தைக் கிண்டலாக மட்டுமே கேட்டு வளர்ந்தவன். நண்பர்கள் கூடும் இடத்தில் இந்தக் குறை உள்ளவன் எப்போதும் சிரிப்புக்குரிய ஆள்தான். அந்தச் சிரிப்பில் இத்தனை வருடம் அவனும் கலந்துகொண்டிருக்கிறான். அந்த ஆள் தானாகிவிட்டோம் என்பதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறான்.

பெரும்பாலும் அவனே ஒரு கிண்டலோடுதான் தொடங்குவான். “வயசாகிவிட்டது, இனி நமக்கெல்லாம் ஓய்வுதான்” என்பான். அங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. நீங்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான், “சும்மா சொன்னேன்” என்பான், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அடுத்த முறை வாய் திறக்க அவனுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகலாம். அந்த ஒரு வருடத்தில் அவன் மருத்துவரிடம் போகப்போவதில்லை. அதற்கு என்ன விலை கொடுக்க நேரலாம் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சிரிக்காமல் இருப்பதற்கு முகத்தை இறுக்க வேண்டியதில்லை. வழக்கமான குரலில், “ஓய்வு என்கிறாய், என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள், அவ்வளவுதான். கிண்டலைப் போலவே கதவை மூடும் வேறு சில பேச்சுகளும் உண்டு. “எனக்கெல்லாம் அப்படி இல்லையே” என்பது ஒன்று. “இதெல்லாம் ஒரு விஷயமா, விடு” என்பது இன்னொன்று. அன்பாகச் சொன்னாலும் இரண்டும் ‘இதைப் பற்றி மேலே பேசாதே’ என்றுதான் அவன் காதில் விழும். இது அபூர்வமான குறை அல்ல என்று சொல்ல விரும்பினால் தகவலாகவே சொல்லுங்கள். 1994இல் வெளியான அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆய்வில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிக்கல் இருந்தது. லேசானதையும் சேர்த்த கணக்கு அது. ஆனால் இதை அவன் முழுவதும் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள். நடுவில் சொன்னால் அவன் கதையைக் கூட்டத்தில் கரைப்பதுபோல் ஆகிவிடும்.

கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? நானும் ஏதாவது கேட்க வேண்டாமா? எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது?

ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன். பல நண்பர்கள் என்னிடம் சொன்னவற்றைச் சேர்த்து எழுதியது இது. யாரோ ஒருவரின் கதை அல்ல. இருவருக்கும் 47 வயது, பள்ளிக் காலத்து நட்பு. மாலையில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

“உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே.”

“சிரிக்கமாட்டேன், சொல்.”

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து, பார்க்காமலே திரும்ப வைத்தான்.

“ராத்திரியில் என்னால் முடிவதில்லை. விறைப்பு வருகிறது, ஆனால் நிற்பதில்லை. இப்போது முயற்சி செய்வதையே விட்டுவிட்டேன். அவள் தூங்கும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.”

மற்றவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டான்: “எவ்வளவு நாளாக இப்படி டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்?”

“ஒரு வருடம் இருக்கும்.”

“ஒரு வருடமாகத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தாயா?”

“யாரிடம் சொல்வது? அவளுக்கு என் மேல் கோபம். எனக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.”

மீண்டும் கொஞ்சம் மௌனம். “கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஒன்று கேட்கட்டுமா? சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. இது ஒரே நாளில் ஆரம்பித்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா?”

“கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் எப்போதாவது. பிறகு அடிக்கடி. இப்போது எப்போதுமே.”

“காலையில் எழும்போது?”

“அதுவும் இல்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.”

“வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா?”

“நெஞ்சில் ஒன்றும் இல்லை. மாத்திரையும் இல்லை. மருத்துவரிடம் போயே பல வருடம் ஆகிறது. ராத்திரியில்தான் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். தண்ணீரும் நிறையக் குடிக்கிறேன்.”

“எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் சர்க்கரை இருந்தால் இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த வாரமே பார்த்துவிடலாம். நானும் வருகிறேன், எனக்கும் ரத்தப் பரிசோதனை செய்து நாளாகிவிட்டது. இந்தப் பேச்சு என்னைத் தாண்டிப் போகாது.”

கேட்டவனின் முதல் கேள்வியைக் கவனியுங்கள். உடலுறவைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. நண்பன் தானாகச் சொன்ன டிவியைப் பிடித்துக்கொண்டான். ‘நீ சொன்னதைக் கேட்டேன்’ என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அதைத் தொடர்ந்துதான் மனைவியின் சந்தேகம் வெளியே வந்தது. ஒரு வருடமாக அவனை அரித்தது பெரும்பாலும் அதுதான்.

உடல் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன, அதுவும் அனுமதி கேட்டு. அவற்றில் வீண் கேள்வி எதுவும் இல்லை. திடீரென்றா மெல்ல மெல்லவா, காலை விறைப்பு இருக்கிறதா, வேறு மாத்திரை உண்டா, நெஞ்சில் ஏதாவது செய்கிறதா. மருத்துவரும் முதலில் இவற்றைத்தான் கேட்பார். மனைவி எப்படி நடந்துகொள்கிறார், எத்தனை நிமிடம் நிற்கிறது, வேறு பெண்ணிடம் முயன்று பார்த்தாயா போன்றவற்றைக் கேட்காதீர்கள். பதில் தெரிந்து உங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனுக்கோ அது விசாரணையாகிவிடும்.

என் நண்பனுக்கு 29 வயது. காலையில் விறைப்பு நன்றாக இருக்கிறது, தனியாக இருக்கும்போதும் பிரச்சினை இல்லை. மனைவியோடு மட்டும்தான் முடியவில்லை என்கிறான். அப்படியென்றால் எல்லாம் மனப்பிரமைதானே?

பிரமை என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அவன் உடலில் நடப்பது முழுக்க உண்மை. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். காலை விறைப்பு அவற்றில் கடைசி. அது நன்றாக இருக்கிறது என்றால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன என்று பொருள். ஆளோடு இருக்கும்போது மட்டும் முடியவில்லை என்றால் பதற்றம்தான் முதல் சந்தேகம்.

விறைப்பு வர ஆண்குறியின் உள்ளே இருக்கும் மென்தசை தளர வேண்டும். தளர்ந்தால் ரத்தம் உள்ளே பாய்ந்து நிறையும். பயம் வந்தால் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அது அதே தசையையும் குழாய்களையும் இறுக்கிவிடுகிறது. களைப்பாலோ மதுவாலோ ஒரு நாள் தவறுகிறது. அடுத்த முறை ‘இன்றைக்கும் தவறிவிடுமோ’ என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கண்காணிப்பே அட்ரினலினைக் கொண்டுவருகிறது, மறுபடியும் தவறுகிறது. இப்படிச் சிலருக்கு மாதக்கணக்கில் ஓடும்.

‘தைரியமாக இரு’ என்ற அறிவுரை இங்கே பயன்படாது. தைரியமாக இருக்கிறோமா என்பதையும் அவன் கண்காணிக்கத் தொடங்கிவிடுவான். பாலியல் சிகிச்சையாளர்கள் வேறு வழி சொல்வார்கள். சில வாரங்களுக்கு இருவரும் பேசி வைத்துக்கொண்டு உடலுறவையே முற்றிலும் விலக்கிவிட வேண்டும். தொடுதல், அணைத்தல் மட்டும். தேர்வே இல்லை என்றானபின் தோற்க வழியில்லை. 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் முறைப்படுத்திய இந்தப் பயிற்சி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அவன் உங்களிடம் சொன்னதைப்போல மனைவியிடமும் சொன்னால்தான் இதைத் தொடங்கவே முடியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். உடல் வேறு, மனம் வேறு என்று எல்லாரிடமும் சுத்தமாகப் பிரியாது. சர்க்கரையால் தொடங்கிய குறையின் மேல் பயமும் ஏறிக்கொள்ளும். அதனால் இளைஞன் என்றாலும், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இது படுக்கையறைப் பிரச்சினை. இதில் இதயத்தை ஏன் எல்லாரும் இழுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் உள்விட்டம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை ஆகியவை உடல் முழுவதும் உள்ள தமனிகளின் உட்சுவரை ஒன்றாகவே கெடுக்கின்றன. உட்சுவர் கெட்டால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குழாயை விரியச் சொல்லும் சமிக்ஞை அதுதான். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கெடுதல் ஒரே அளவாக இருந்தாலும் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே விறைப்பு குறைந்துவிடுகிறது.

அந்த இடைவெளி பெரிய வாய்ப்பு. நாற்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு மெல்ல மெல்ல விறைப்பு குறைந்து, காலை விறைப்பும் நின்றுவிட்டால், மாரடைப்பைத் தடுக்க அவன் கையில் சில ஆண்டுகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிண்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவனுக்கு அந்த ஆண்டுகள் வீணாகப் போகின்றன. கேட்கும் நண்பனைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணமும் அதுதான். மருத்துவரிடம் போகும் வழியில் முதல் படி பல நேரங்களில் ஒரு நண்பன்தான்.

விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரையை நானே எப்போதாவது போடுவேன். அவன் மருத்துவரிடம் போகக் கூச்சப்படுகிறான். என்னிடம் இருப்பதில் இரண்டு கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த உதவி ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, சிலர் தினமும் சாப்பிடும் ஐசோசார்பைடு மாத்திரை போன்றவை நைட்ரேட் வகை மருந்துகள். விறைப்புக்கான சில்டெனாபில், தடலாபில் ஆகியவற்றோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடசடவென்று விழுந்துவிடும். மயக்கமும் உயிரிழப்பும் நேரலாம். நண்பன் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவனுக்கே பெயர் தெரியாமல் இருக்கலாம். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்றவற்றோடு சேர்ந்தாலும் அழுத்தம் குறையும். மருத்துவர் அளவு பார்த்துத்தான் இரண்டையும் தருவார்.

இன்னொரு சூழலும் உண்டு, இதை நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும். மாத்திரை போட்ட இரவில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தால், ஆம்புலன்சில் வருபவரிடமும் அவசரப் பிரிவு மருத்துவரிடமும் அதை உடனே சொல்ல வேண்டும். சில்டெனாபில் போட்டு 24 மணி நேரத்துக்கும், தடலாபில் போட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக்கூடாது. அவனால் கூச்சத்தில் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

மாத்திரை கொடுத்தால் இன்னொரு இழப்பும் இருக்கிறது. அது வேலை செய்துவிட்டால் அவன் மருத்துவரிடம் போகமாட்டான். மேலே சொன்ன 47 வயதுக்காரனுக்கு நண்பன் மாத்திரை கொடுத்திருந்தால், அவனுக்குச் சர்க்கரை இருந்தாலும் அது இன்னும் பல ஆண்டுகள் தெரியாமலே போயிருக்கலாம்.

அப்படியானால் மூலிகை மருந்து வாங்கிக் கொடுக்கலாமா? அதில் பக்கவிளைவு இல்லை என்று போட்டிருக்கிறதே?

வேண்டாம். ‘முற்றிலும் மூலிகை’ என்று விற்கப்படும் பல பொட்டலங்களில் சில்டெனாபிலோ அதன் இன மருந்தோ அட்டையில் குறிப்பிடாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. உடனே பலன் தருகிறது என்றால் அதுவே சந்தேகத்துக்குரியது. நைட்ரேட் சாப்பிடுகிறவர் மூலிகை என்று நம்பி இதையும் விழுங்கும்போது ஆபத்து அதேதான்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று கேட்கிறான். எனக்கும் தெரியவில்லை. எந்த மருத்துவர்? எல்லாரும் பார்க்கும் இடத்தில் கேட்பார்களா?

வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புவார். வரவேற்பில் காரணம் கேட்டால் “பொதுப் பரிசோதனை” என்றால் போதும். உள்ளே போனதும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. “டாக்டர், ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை” என்று நேராகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். முதுகுவலியில் தொடங்கிக் கடைசியில் இதற்கு வரலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் முதுகுவலி மருந்தோடு திரும்பி வருகிறார்கள். நீங்களும் கூடப் போகலாம், ஆனால் அறைக்குள் அவன் தனியாகப் போகட்டும்.

மருத்துவர் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தரலாம். மொத்த மதிப்பெண் 25, 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைபாடு உண்டு என்று கொள்வார்கள். ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு பார்ப்பார். பிறப்புறுப்பையும் பரிசோதிக்கலாம், சில நிமிட வேலைதான். ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் மாலையில் எடுத்த முடிவை நம்பி மருந்து தொடங்கக்கூடாது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப்போக வேண்டும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இந்தக் குறையைத் தரும். ஆனால் அவற்றை அவனாக நிறுத்திவிடக்கூடாது. மாற்று மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் 47 வயதுக்காரனுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 172, ஹெச்பிஏ1சி 8.4, ரத்த அழுத்தம் 150/95 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 126, 6.5 ஆகியவை சர்க்கரை நோயின் எல்லைக்கோடுகள். ஆக, டிவி முன்னால் கழிந்த அந்த ஒரு வருடமும் அவனுக்குச் சர்க்கரை இருந்திருக்கலாம். மருத்துவர் முதலில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பிடிப்பார், இதயத்தைப் பரிசோதிப்பார். உடலுறவுக்கு இதயம் தாங்குமா என்பதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் உண்டு. நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடிப்படிகளை விறுவிறுவென்று ஏற முடிந்தால் பெரும்பாலும் தாங்கும். பிறகுதான் விறைப்புக்கான மாத்திரை. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சர்க்கரை நெடுநாள் இருந்து நரம்பும் கெட்டிருந்தால் மாத்திரை ஓரளவுக்குத்தான் உதவும். அப்போது ஊசி, வெற்றிடக் குழல், அறுவை சிகிச்சையில் வைக்கும் செயற்கைத் தண்டு என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன.

மருத்துவர் தந்த மாத்திரையை இரண்டு முறை போட்டும் பலனில்லை என்கிறான். “என் கதை முடிந்தது” என்கிறான். என்ன சொல்வது?

எப்படிச் சாப்பிட்டான் என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் அதில் இருக்கும். சில்டெனாபிலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது போட வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வேலை செய்யத் தாமதமாகும், வேகமும் குறையும். தடலாபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. அதன் விளைவு 36 மணி நேரம் வரை இருக்கும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதற்றமும் குறைவு. எந்த மாத்திரையானாலும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் தானாக எதுவும் நடக்காது. ஆசையும் தூண்டுதலும் இருந்தால்தான் வேலை செய்யும். பலர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு முயற்சியில் முடிவுக்கு வரக்கூடாது. சரியான முறையில் ஆறு முறையாவது முயன்ற பிறகுதான் பலனில்லை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்குள் அவனாக அளவைக் கூட்டக்கூடாது. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றால் அது அவசர நிலை. கூச்சம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அவன் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கையைப் போன்றவர். அவர் இவனைத் தவறாக நினைக்கிறார். நானே ஜாடையாகச் சொல்லிவிடலாமா?

கூடாது, ஜாடையாகக்கூட. அதைச் சொல்ல வேண்டியவன் அவன் மட்டும்தான். உங்கள் மனைவியிடமும் சொல்லக்கூடாது. அவனுக்கு வார்த்தை வராவிட்டால் உங்களோடு சேர்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளட்டும். “உன்மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. என் உடம்பில் ஒரு கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்பது பல வீடுகளில் பெரிய சுமையை இறக்கியிருக்கிறது.

“இனி நான் இருந்து என்ன பயன்” என்று பேசுகிறான். இது வெறும் பேச்சா?

வெறும் பேச்சு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். மனச்சோர்வு விறைப்பைக் குறைக்கும், விறைப்புக் குறைவும் மனச்சோர்வைத் தரும். நேராகவே கேளுங்கள்: “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் இருந்தால், அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள் அல்லது மனநல உதவி எண்ணில் பேச வையுங்கள். ரகசியம் காப்பேன் என்று சொன்னது இந்த ஓர் இடத்தில் செல்லாது.

பிரச்சினை எனக்குத்தான். நண்பனிடம் எப்படித் தொடங்குவது?

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் போதும். உங்களை அதிகம் சிரிக்க வைப்பவரைவிட, முன்பு யாரோ சொன்ன ரகசியத்தை உங்களிடம்கூடச் சொல்லாதவரைத் தேர்ந்தெடுங்கள். இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். “ஒன்று சொல்லப்போகிறேன். அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கும் என்ன செய்வது என்ற குழப்பம் இருக்காது. நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள். நீங்கள் சிரித்தால் அவருக்கும் சிரிக்கலாம் என்று தோன்றிவிடும்.

சொல்லிவிட்டுப் போனவன் அதன்பிறகு என்னைத் தவிர்க்கிறான். போன் எடுப்பதில்லை. நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இவ்வளவு உள்ளே இருந்ததை வெளியே எடுத்துவைத்த பிறகு பலருக்குச் சில நாள் வெட்கம் வரும். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும் என்று நினைக்கிறார்கள். வழக்கமான விஷயங்களுக்காகவே அவனைக் கூப்பிடுங்கள், அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காமல். குழுவில் மற்றவர்கள் இருக்கும்போது அவனைத் தனியாகக் கவனிப்பதுபோல் நடந்துகொள்ளாதீர்கள். அங்கே யாராவது இதே விஷயத்தை வைத்துக் கிண்டல் தொடங்கினால் அவன் கண் உங்கள் பக்கம்தான் திரும்பும். நீங்கள் சிரிக்காமல் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, தனியாக இருக்கும்போது, ஒரே ஒரு முறை கேளுங்கள்: “அந்த ரத்தப் பரிசோதனை செய்தாயா?” செய்யவில்லை என்றால், “சனிக்கிழமை காலை நான் போகிறேன், வெறும் வயிற்றில் வா, சேர்ந்து போய்விடலாம்” என்று நேரம் குறித்துவிடுங்கள்.